கணவரின் ஹெபடைட்டிஸ் பி அறிக்கையும் மனைவியின் அறிக்கையும்

கேள்வி: என் கணவருக்கு வயது 43. மார்ச் முதல் வாரத்தில் கண்ணெல்லாம் மஞ்சளாகி மருத்துவமனையில் சேர்த்தோம். ஹெபடைட்டிஸ் பி என்றார்கள். ஜூலை நடுவில் மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். ஆன்டிஜென் ‘நான்-ரியாக்டிவ்’, ஆன்டிபாடியும் ‘நான்-ரியாக்டிவ்’, கோர் ஆன்டிபாடி மட்டும் ‘ரியாக்டிவ்’ என்று வந்திருக்கிறது. அன்றைக்கே எனக்கும் சோதித்தார்கள். எனக்கு ஆன்டிபாடி ‘ரியாக்டிவ்’, அளவு 186. நான் முன்பு டயாலிசிஸ் மையத்தில் வேலை பார்த்தவள். அதனால் நோய் என்னிடமிருந்துதான் வந்தது என்கிறார் மாமியார். பிப்ரவரியில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் அலகு குத்தியதால் வந்திருக்கும் என்கிறார் என் அண்ணன். கீழாநெல்லி கொடுத்ததால்தான் குணமானது என்றும் வீட்டில் பேசுகிறார்கள். எல்லா அறிக்கைகளையும் இணைத்திருக்கிறேன். அவர் உண்மையிலேயே குணமாகிவிட்டாரா? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்களைப் பற்றிய பழியைத் தீர்த்துவிடுகிறேன். உங்கள் கணவருக்கு இந்த நோய் உங்களிடமிருந்து வரவில்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய அறிக்கையின் மூன்றாவது வரியில் அதற்கான சான்று இருக்கிறது. வீட்டில் எல்லாரும் ‘ரியாக்டிவ்’ என்று அச்சான வரியை மட்டும் பார்த்திருக்கிறார்கள். உங்களைக் காப்பாற்றும் வரியோ அதற்குக் கீழே ‘நான்-ரியாக்டிவ்’ என்று இருக்கிறது.

இது விளங்க, அந்தக் கிருமியின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கு வெளியே ஓர் உறையும், உள்ளே மரபணுவைப் பொதிந்து வைத்திருக்கும் ஒரு கோரும் இருக்கின்றன. வெளி உறையின் புரதத்தைத்தான் மேற்பரப்பு ஆன்டிஜென் என்கிறோம். அது இரத்தத்தில் இருந்தால் வைரஸும் உடலில் இருக்கிறது என்று கொள்ள வேண்டும். அந்த உறைக்கு எதிராக உடல் தயாரிப்பது மேற்பரப்பு ஆன்டிபாடி. உண்மையான பாதுகாப்பைத் தருவது இதுதான். உள்ளே இருக்கும் கோருக்கு எதிராகவும் உடல் ஓர் ஆன்டிபாடியைத் தயாரிக்கிறது. அது யாரையும் பாதுகாப்பதில்லை. ஆனால் வைரஸ் ஒரு முறை உள்ளே வந்து பெருகியிருந்தால், அதன் தழும்பாக அந்தக் கோர் ஆன்டிபாடி பெரும்பாலும் ஆயுள் முழுக்க இரத்தத்தில் நிற்கும்.

தடுப்பூசியில் என்ன இருக்கிறது? வெளி உறையின் புரதம் மட்டும்தான். ஈஸ்ட் செல்களில் வளர்த்துச் சுத்திகரித்து எடுக்கப்படும் புரதம் அது. அதில் கோரும் இல்லை, மரபணுவும் இல்லை. எனவே தடுப்பூசி போட்டவருடைய இரத்தத்தில் மேற்பரப்பு ஆன்டிபாடி மட்டும் உண்டாகும். கோர் ஆன்டிபாடி உண்டாக வழியே இல்லை. நோய் வந்து தானாகக் குணமானவருக்கோ இரண்டும் இருக்கும்.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருவோம். மேற்பரப்பு ஆன்டிஜென் நான்-ரியாக்டிவ், மேற்பரப்பு ஆன்டிபாடி 186, மொத்தக் கோர் ஆன்டிபாடி நான்-ரியாக்டிவ். இது தடுப்பூசியால் மட்டுமே கிடைக்கும் கோலம். டயாலிசிஸ் மையத்தில் சேர்ந்தபோது உங்களுக்கு மூன்று ஊசி போட்டிருப்பார்கள், யோசித்துப் பாருங்கள். அந்த வேலையில் சேருகிறவர்களுக்கு அது வழக்கமாகப் போடப்படுவது. பாதுகாப்புக்குத் தேவையான அளவு 10 என்று வைத்திருக்கிறோம். உங்களுக்கு 186 இருக்கிறது. நீங்கள் இரத்தத்தோடு புழங்கிய வேலைதான் உங்கள்மேல் சந்தேகம் விழக் காரணமாகியிருக்கிறது. ஆனால் அதே வேலைக்காகப் போட்ட ஊசிதான், உங்கள் கணவர் நோயோடு வீட்டில் இருந்த நாட்களிலும் உங்களைக் காத்திருக்கிறது. உங்கள் உடலுக்குள் இந்த வைரஸ் வந்து குடியேறியிருந்தால் கோர் ஆன்டிபாடி அதைக் காட்டிக்கொடுத்திருக்கும். இந்தப் பத்தியை மாமியாருக்கு அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்து உங்கள் கணவர். அவருடைய ஜூலை அறிக்கைதான் உங்களைக் குழப்பியிருக்கிறது. குழம்புவதும் நியாயம்தான், ஏனென்றால் அதைத் தனியாக எடுத்துப் படித்தால் யாராலும் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. ஆன்டிஜென் இல்லை, அதற்கான ஆன்டிபாடியும் இல்லை, கோர் ஆன்டிபாடி மட்டும் இருக்கிறது. இப்படி ஒரு தாளை முன்பின் தெரியாத ஒருவர் கொண்டுவந்து நீட்டினால் அதற்கு நான்கு விளக்கங்கள் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நோய் வந்து குணமாகி, மேற்பரப்பு ஆன்டிபாடி காலப்போக்கில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்திருக்கலாம். சோதனையே தவறாக ரியாக்டிவ் காட்டியிருக்கலாம். ஆன்டிஜென் சோதனையில் சிக்காத அளவுக்குக் கொஞ்சமாக வைரஸ் ஈரலில் ஒளிந்திருக்கலாம். அல்லது, இப்போதுதான் வந்த நோய் விலகிக்கொண்டிருக்கும் இடைவெளிக் காலமாக இருக்கலாம்.

உங்கள் கணவருக்கு இவற்றில் எது என்று சொல்ல மார்ச் அறிக்கை கையில் இருக்க வேண்டும். நல்லவேளையாக அதையும் அனுப்பியிருக்கிறீர்கள். பலர் மருத்துவமனையிலிருந்து வந்ததும் பழைய தாளைத் தொலைத்துவிடுகிறார்கள். பிறகு புதிய தாளை மட்டும் வைத்துக்கொண்டு பயப்படுகிறார்கள்.

மார்ச்சில் அவருக்கு மேற்பரப்பு ஆன்டிஜென் ரியாக்டிவ். கோர் ஆன்டிபாடியில் ஐஜிஎம் என்ற வகையும் ரியாக்டிவ், அதுவும் வலுவாக. ஈரல் நொதியான ஏஎல்டி 1,640. அது வழக்கமாக ஏறத்தாழ 40-க்குள் இருக்க வேண்டியது. இவற்றில் ஐஜிஎம் என்ற வரிதான் முக்கியமானது. உடல் ஒரு கிருமியைப் புதிதாகச் சந்திக்கும்போது முதலில் தயாரிப்பது ஐஜிஎம் வகை ஆன்டிபாடி. ஹெபடைட்டிஸ் பியில் அது நோய்க்குறிகள் தொடங்கும் நேரத்தில் தோன்றி, ஏறத்தாழ ஆறு மாதம் வரை இருந்துவிட்டு மறையும். அதன் பிறகு நிற்பது ஐஜிஜி வகை. ‘மொத்தக் கோர் ஆன்டிபாடி’ என்று அறிக்கையில் வருவது இரண்டையும் சேர்த்துக் காட்டுவது. ஆகவே மொத்தம் ரியாக்டிவ் என்றால் ‘என்றோ வந்தது’ என்று மட்டும்தான் தெரியும். ஐஜிஎம் ரியாக்டிவ் என்றால் ‘அண்மையில் வந்தது’ என்று தெரியும். மேற்பரப்பு ஆன்டிஜென் மட்டும் ரியாக்டிவாக இருந்து ஐஜிஎம் பார்க்கப்படாவிட்டால், அது புதிய நோயா, இருபது முப்பது ஆண்டுகளாக உள்ளே இருப்பதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இதே தாளில் ‘இ ஆன்டிஜென்’ ரியாக்டிவ் என்றும் இருக்கிறது. அந்த நேரத்தில் வைரஸ் மும்முரமாகப் பெருகிக்கொண்டிருந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. புதிய நோயிலும் அது வரும், பழைய நோயிலும் வரும். அதை வைத்துப் பயப்பட வேண்டாம்.

ஐஜிஎம்மிலும் ஒரு சிக்கல் உண்டு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வைரஸை நெடுங்காலமாகச் சுமப்பவருக்கும் சில சமயம் நோய் திடீரென்று சீறும். அப்போதும் கண் மஞ்சளாகும், ஏஎல்டி ஆயிரத்தைத் தாண்டும், ஐஜிஎம்மும் லேசாக ரியாக்டிவ் காட்டும். அந்த வேளையில் பார்ப்பவர் ‘புதிய நோய்தான், தானாகப் போய்விடும்’ என்று சொல்லி அனுப்பிவிட்டால், நோயாளி மறுபடி வரமாட்டார். உள்ளே வைரஸ் இருந்துகொண்டே ஈரலைச் சுருக்கிவிடும். எனவே மார்ச் அறிக்கையை மட்டும் வைத்து ‘இது நூற்றுக்கு நூறு புதிய நோய்’ என்று நான் சொல்லியிருக்க மாட்டேன். ஆறு மாதம் கழித்தும் மேற்பரப்பு ஆன்டிஜென் இருந்தால் அதை நாட்பட்ட நோய் என்று கணக்கில் வைக்கிறோம். அதற்குள் மறைந்துவிட்டால் வந்தது புதிய நோய். உங்கள் கணவருக்கு நாலரை மாதத்திலேயே மறைந்துவிட்டது. வலுவான ஐஜிஎம்மும், அதன்பின் ஆன்டிஜென் மறைந்ததும் சேர்ந்துதான் சந்தேகத்தைத் தீர்க்கின்றன.

அப்படியென்றால் ஜூலையில் ஏன் ஆன்டிபாடி தெரியவில்லை? இந்த வைரஸ் தன் உறைப் புரதத்தைத் தேவைக்கு மிக அதிகமாகத் தயாரிக்கும். உள்ளே மரபணு இல்லாத வெற்று உறைகள், முழு வைரஸ்களைவிடப் பல மடங்கு அதிகமாக இரத்தத்தில் மிதக்கும். உடல் தயாரிக்கத் தொடங்கும் மேற்பரப்பு ஆன்டிபாடி அந்த உறைகளோடு ஒட்டிக்கொண்டு தீர்ந்துபோகிறது. சோதனைக் கருவியோ தனியாக மிஞ்சி நிற்பதைத்தான் எண்ணும். ஆன்டிஜென் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்து, ஆன்டிபாடி இன்னும் மிஞ்சி நிற்கும் அளவுக்கு ஏறாத சில வாரங்கள் இடையில் வருகின்றன. சிலருக்கு அது சில மாதங்கள்கூட நீளும். அந்த இடைவெளியில் இரத்தம் எடுத்தால் இரண்டும் நான்-ரியாக்டிவ் என்றுதான் வரும். இப்போதைய நுட்பமான கருவிகளில் இந்த இடைவெளி பலருக்கு மிகக் குறுகியதாகவே இருக்கிறது, சிலருக்குத் தெரிவதே இல்லை. உங்கள் கணவரின் இரத்தம் அந்த நேரம் பார்த்து எடுக்கப்பட்டிருக்கிறது.

இந்த இடைவெளியில் ஒருவர் முதல்முறையாகச் சோதனைக்கு வந்து, மேற்பரப்பு ஆன்டிஜென் ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் என்ன ஆகும்? ‘உங்களுக்கு ஹெபடைட்டிஸ் பி இல்லை’ என்று அனுப்பிவிடுவார்கள். கண் மஞ்சளாகி வருகிறவருக்கு அந்த ஒரு சோதனையோடு நிறுத்தக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அந்த வேளையில் உண்மையைச் சொல்வது கோர் ஐஜிஎம் ஒன்றுதான்.

இனி அலகு. நோய்க்குறி தெரிவதற்கு வைரஸ் உள்ளே நுழைந்து குறைந்தது ஆறு வாரமாவது ஆக வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம் வரை. தைப்பூசம் பிப்ரவரியில் நடந்தது, கண் மஞ்சளானது மார்ச் முதல் வாரத்தில். இந்த இடைவெளி போதாது. இவ்வாண்டு குத்திய அலகை விட்டுவிடலாம். (ஒவ்வொருவருக்கும் புதிய, கிருமி நீக்கிய அலகு வேண்டும் என்பது வேறு விஷயம். அதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.) முந்தைய செப்டம்பருக்கும் ஜனவரி நடுவுக்கும் இடையில் எப்போதோ அவருக்கு இது தொற்றியிருக்கிறது. எப்படி என்பதை எந்த இரத்தப் பரிசோதனையும் சொல்லாது. பச்சை குத்துதல், ஒரே சவரக் கத்தியைப் பலருக்குப் பயன்படுத்துதல், இரத்தம் எடுக்கும் பெக்காம் சிகிச்சை, கிருமி நீக்காத ஊசி, பாதுகாப்பற்ற உடலுறவு என்று வழிகள் பல. அவரிடம் அவருடைய மருத்துவர் தனியாகக் கேட்கட்டும். வீட்டில் வைத்து விசாரிப்பதால் யாருக்கும் நன்மை இல்லை.

கீழாநெல்லியைப் பற்றியும் நேராகச் சொல்கிறேன். ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்குப் புதிதாக ஹெபடைட்டிஸ் பி வந்தால், நூறு பேரில் 95 பேருக்கு மேல் உடலே அதை விரட்டிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து வாங்கிய குழந்தைக்கு நேர்மாறாக, பத்தில் ஒன்பது பேருக்கு நிலைத்துவிடும். உங்கள் கணவருக்கு வந்தது புதிய நோய் என்று ஐஜிஎம்மும் ஆன்டிஜென் மறைந்ததும் சேர்ந்து காட்டிவிட்டன. எனவே கீழாநெல்லி குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும் அவர் குணமாவதற்கே வாய்ப்பு மிக அதிகம். 1988-இல் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு லான்செட் இதழில் வெளிவந்தது. வைரஸை நெடுங்காலம் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லி இனத்துச் செடியைக் கொடுத்தபோது 37 பேரில் 22 பேருக்கு மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்தது என்று அதில் சொல்லப்பட்டது. நம்மவர் பெருமையோடு எடுத்துச் சொல்லும் ஆய்வு அது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்துபார்த்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனக்குக் கவலை தருவது, உங்கள் வீட்டுக் கதையைக் கேட்டு நாட்பட்ட நோய் உள்ள இன்னொருவர் மாத்திரையை விட்டுவிட்டுக் கீழாநெல்லியை நம்பிவிடுவாரோ என்பதுதான். தயவுசெய்து ‘கீழாநெல்லியால் குணமானது’ என்று சொல்லிப் பரப்ப வேண்டாம்.

அவர் குணமாகிவிட்டாரா என்ற கேள்விக்கு என் பதில்: குணமாகிக்கொண்டிருக்கிறார், முடித்துக்கொள்ள இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. செப்டம்பர் நடுவில், அதாவது நோய் தொடங்கி ஆறு மாதம் ஆனதும், மேற்பரப்பு ஆன்டிஜென், மேற்பரப்பு ஆன்டிபாடி, ஏஎல்டி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆன்டிஜென் நான்-ரியாக்டிவாக நீடித்து, ஆன்டிபாடி 10-க்கு மேல் ஏறியிருந்தால் கணக்கு முடிந்தது. கோர் ஆன்டிபாடி அப்போதும் ரியாக்டிவாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து மறுபடி பயப்படாதீர்கள். அது போகாது, போகவும் வேண்டியதில்லை. ஆன்டிபாடி அப்போதும் ஏறாவிட்டால் இன்னும் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். சிலருக்கு அது அளக்கும் அளவுக்கு ஏறுவதே இல்லை. அப்படியானால் வைரஸின் டிஎன்ஏ அளவை ஒரு முறை பார்த்து, உள்ளே எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆன்டிஜென் திரும்ப ரியாக்டிவாக வந்தால் மட்டும் தாமதிக்காமல் ஈரல் நோய் நிபுணரிடம் போக வேண்டும்.

செப்டம்பர் முடிவு வரும்வரை சவரக் கத்தி, பல் துலக்கி, நகவெட்டி ஆகியவற்றை அவர் தனியாக வைத்துக்கொள்ளட்டும். தட்டு, டம்ளர், சாப்பாட்டைப் பிரிக்க வேண்டாம். இந்த வைரஸ் சேர்ந்து உண்பதால் பரவுவதில்லை.

குணமான பிறகும் ஒன்றை அவர் மறக்கக் கூடாது. ஆன்டிஜென் மறைந்தாலும் வைரஸின் மரபணு ஈரல் செல்களுக்குள் சிறிதளவு தங்கியிருக்கும். உடலின் எதிர்ப்பு சக்தி அதை அடக்கி வைத்திருக்கிறது. பிற்காலத்தில் புற்றுநோய்க்கான கீமோதெரபியோ, ரிடுக்ஸிமாப் போன்ற ஊசியோ, உறுப்பு மாற்று மருந்துகளோ தேவைப்பட்டால் அது மறுபடி தலையெடுக்கக்கூடும். முன்கூட்டியே சொன்னால் தடுப்பு மாத்திரை கொடுத்துத் தவிர்த்துவிடலாம். ஆகவே ‘கோர் ஆன்டிபாடி ரியாக்டிவ்’ என்று அவருடைய மருத்துவ அட்டையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இரத்த தானத்துக்குப் போனாலும் இந்த நோய் வந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டில் உண்மையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டியவர் உங்கள் மாமியார். நம் மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இந்தத் தடுப்பூசி போடத் தொடங்கியது 1989-இல்தான். உங்கள் கணவரும் அதற்கு முன் பிறந்தவர், அதனால்தான் பாதுகாப்பின்றி இருந்தார். அவருடைய தாயாருக்கும் பெரும்பாலும் ஊசி போட்டிருக்க மாட்டார்கள். மகனோடு ஒரே வீட்டில் இருந்தவர் என்பதால் அவருக்கு மேற்பரப்பு ஆன்டிஜென், மேற்பரப்பு ஆன்டிபாடி, மொத்தக் கோர் ஆன்டிபாடி மூன்றையும் ஒரே தடவையில் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி போடுவதற்கு முன்பே இரத்தம் எடுத்துவிட வேண்டும். ஊசியில் இருப்பதும் மேற்பரப்பு ஆன்டிஜென்தான் என்பதால், போட்ட பிறகு இரண்டு மூன்று வாரத்துக்குள் சோதித்தால் சிலருக்கு நோயே இல்லாமல் ரியாக்டிவ் காட்டிவிடும். மூன்றுமே நான்-ரியாக்டிவ் என்று வந்தால் அவரை நோய் தொட்டதில்லை, பாதுகாப்பும் இல்லை என்று பொருள். அப்போது முதல் ஊசியை உடனே போட்டு, ஒரு மாதத்தில் இரண்டாவதையும், ஆறாம் மாதத்தில் மூன்றாவதையும் போட்டுக்கொள்ளட்டும். வயதானவர்களுக்கு ஊசி சில சமயம் சரியாகப் பிடிக்காது. கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து அவருடைய ஆன்டிபாடி அளவு 10-ஐத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.